அன்னையர் தினப் பூங்கொத்து அறிவிப்பு: “கடைசி நேரம்” என்ற இடத்தில் எதைப் போடுவது?

கோமதி, ஹட்டன்
செவ்வாய், இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். ஹட்டன் டவுனில் சின்னதாக ஒரு பூக்கடை நடத்துகிறேன். கோயில் மாலை, கல்யாண மாலை, கார் சோடனை, இதுதான் வருஷம் முழுக்க வேலை. போன வருஷம் முதல் தடவையாக அன்னையர் தினத்துக்குப் பூங்கொத்து ஓடர் எடுத்தேன். சனிக்கிழமை இரவு பத்து மணி வரைக்கும் வந்த ஓடரை எல்லாம் “சரி” என்று எடுத்துக்கொண்டேன். ஞாயிறு காலை பூ போதவில்லை, ஆட்டோ போதவில்லை, மூன்று பேருக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தேன். ஒரு பொம்பளைப் பிள்ளை கொழும்பிலிருந்து போன் எடுத்து அழுததை இன்னும் மறக்க முடியவில்லை. அவளுடைய அம்மாவுக்கு அன்றைக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை.

இந்த வருஷம் ஒழுங்காகச் செய்ய வேண்டும். அடுத்த கிழமை ஞாயிறு அன்னையர் தினம். அறிவிப்பை இப்படி எழுதி வைத்திருக்கிறேன்:

> அன்னையர் தினப் பூங்கொத்துகள்
> சின்னது: 5 சிவப்பு ரோசா – 1,200 ரூபா
> நடுத்தரம்: 9 பூ, ரோசாவும் கார்னேஷனும் – 2,200 ரூபா
> பெரியது: 15 பூ, லில்லியுடன் – 3,800 ரூபா
> ஹட்டன் டவுனுக்குள் டெலிவரி இலவசம். வெளியே தூரத்தைப் பொறுத்து.
> ஓடர் கொடுக்கக் கடைசி நேரம்: [நாள், நேரம்]

அந்தக் கடைசி வரியில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். வெள்ளி என்று போடவா, சனி மத்தியானம் என்று போடவா? நீங்கள் எல்லாம் எப்படிப் போடுகிறீர்கள்?

---

சதீஷ், கொழும்பு
செவ்வாய், இரவு 9.32

சனி மத்தியானம் போடுங்கள் அக்கா. ஆட்கள் கடைசி நேரத்தில்தான் யோசிப்பார்கள், முந்தி மூடினால் பாதி ஓடர் போய்விடும். பூவைப் பற்றிக் கவலை வேண்டாம். முந்தியே வாங்கி ப்ரிட்ஜில் வைத்துவிட்டால் ஒரு கிழமை நிற்கும். தண்ணீரில் கொஞ்சம் சீனி போடுங்கள், பூ வாடாது. நான் வீட்டில் அப்படித்தான் செய்வேன்.

---

பிரியா, தோஹா
செவ்வாய், இரவு 10.05

அக்கா, எனக்கு நடுத்தரம் ஒன்று வேண்டும். அம்மா பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறார். காசு நாளைக்கே பேங்கில் போடுகிறேன். கணக்கு நம்பரை அனுப்புங்கள். அம்மாவுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். நான் மூன்று வருஷமாக ஊருக்கு வரவில்லை. அவர் கதவைத் திறக்கும்போது பூவைப் பார்க்க வேண்டும்.

---

கோமதி, ஹட்டன்
செவ்வாய், இரவு 10.20

பிரியா, இன்னும் ஓடர் எடுக்கத் தொடங்கவில்லை தங்கச்சி. அறிவிப்பை எப்படி எழுதுவது என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்களைக் குறித்து வைத்துக்கொள்கிறேன். ஆனால் பொகவந்தலாவைக்கு அனுப்ப முடியுமா என்று இன்னும் தெரியவில்லை. முடியாததை முடியும் என்று இந்த வருஷம் சொல்ல மாட்டேன்.

---

ராஜ்குமார், நானுஓயா
புதன், காலை 6.15

தங்கச்சி, நான் 14 வருஷம் நுவரெலியாப் பக்கம் பாலித்தீன் கூடாரத்தில் கார்னேஷனும் செவ்வந்தியும் வளர்க்கிற இடத்தில் வேலை செய்தவன். இப்போது கடைகளுக்குப் பூ ஏற்றி அனுப்புகிறேன்.

வெள்ளியா சனியா என்று நினைத்துப் பார்த்தால் அந்த வெற்றிடம் நிரம்பாது. ஞாயிறிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

ஞாயிறு காலை பூங்கொத்து அம்மா கையில் இருக்க வேண்டும். அப்படியானால் சனிக்கிழமை முழுக்கக் கட்ட வேண்டும். சனி கட்டுவதென்றால் வெள்ளி இரவு முழுக்கப் பூ தண்ணீரில் நிற்க வேண்டும். இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. வெட்டிக் கட்டாகக் கட்டி பஸ்ஸில் வந்த பூவுக்குத் தாகம் இருக்கும். அதை வாங்கிய கையோடு கட்டினால் கடையில் அழகாகத்தான் தெரியும். அடுத்த நாள் காலையில் தலை தொங்கும். ஆகவே வெள்ளி பின்னேரம் மூன்று, நான்கு மணிக்காவது பூ உங்கள் கடைக்கு வர வேண்டும். அதற்கு வெள்ளி விடியற்காலை வெட்ட வேண்டும். வெள்ளி விடிய எத்தனை தண்டு வெட்டுவது என்று தோட்டக்காரருக்கு வியாழன் காலையிலேயே தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் அதே பூவை அந்தக் கிழமை பத்துக் கடைகள் கேட்கும், யார் முதலில் எண்ணிக்கை சொன்னாரோ அவருக்குத்தான் ஒதுக்குவார்.

எனவே உங்கள் கடைசி நேரம் புதன் மாலை. புதன் ஆறு மணிக்கு மூடி, இரவு எண்ணிக் கூட்டி, வியாழன் காலை எண்ணிக்கை சொல்லுங்கள். சனி மத்தியானம் என்று போட்டால் வெள்ளி வந்த பூவை வைத்துச் சனிக்கிழமை ஓடரைச் சமாளிக்க வேண்டியதுதான். போன வருஷம் உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

தம்பி சதீஷ் சொன்னதில் குளிர் நல்லது என்பது சரி. ஆனால் வீட்டு ப்ரிட்ஜ் வேண்டாம். அதில் பழம், மரக்கறி இருக்கும். சீனி மட்டும் போட்டால் தண்ணீரில் கிருமி பெருகி, தண்டின் வாய் அடைத்துக்கொள்ளும். கடையில் விற்கிற பூ மருந்தில் சீனியோடு கிருமியை அடக்குகிற பொருளும் சேர்ந்திருக்கும். அது கிடைக்காவிட்டால் சுத்தமாகக் கழுவிய வாளியும் நல்ல தண்ணீரும் போதும்.

---

கோமதி, ஹட்டன்
புதன், காலை 11.40

ராஜ்குமார் அண்ணா, நன்றி. எண்ணிப் பார்த்தேன், நீங்கள் சொல்வது சரி.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். போன வருஷம் பூ குறைந்தது மட்டும் இல்லை. சனிக்கிழமையே கட்டி வைத்த கார்னேஷன் கொத்துகள் எட்டு, ஞாயிறு காலை பார்க்கும்போது கெட்டுப்போயிருந்தன. தண்டு விறைப்பாகத்தான் இருந்தது, இலையும் பச்சை. ஆனால் பூவின் இதழ் எல்லாம் உள்ளே சுருண்டு, மூடிக்கொண்ட மாதிரி. விரித்துப் பார்த்தேன், விரியவில்லை. பழைய பூவைத் தள்ளிவிட்டார்கள் என்று நினைத்து, பூ தந்தவரிடம் சண்டை பிடித்தேன். அவர் வெள்ளிக்கிழமைதான் வெட்டினேன் என்று சத்தியம் பண்ணினார்.

---

ராஜ்குமார், நானுஓயா
புதன், மத்தியானம் 1.05

அந்த எட்டுக் கொத்தையும் இரவு எங்கே வைத்தீர்கள்?

---

கோமதி, ஹட்டன்
புதன், மத்தியானம் 1.20

கடைக்குள் இடம் இல்லை. பக்கத்துப் பழக்கடை அண்ணனின் பின்அறையில் வைத்தேன். நல்ல குளிர், இருட்டு. அங்கே வாழைக்குலை தொங்கும், ஒரு பெட்டி அப்பிளும் இருந்தது.

---

ராஜ்குமார், நானுஓயா
புதன், மத்தியானம் 1.50

அதுதான் தங்கச்சி. பூ தந்தவர் பொய் சொல்லவில்லை.

பழுக்கிற பழத்திலிருந்து எதிலீன் என்று ஒரு வாயு வரும். நமக்கு மணமாகத் தெரியாது. வாழைக்குலை பழுக்க வைக்கிற அறையில் அது நிறைந்திருக்கும். கார்னேஷனுக்கு அது விஷம் மாதிரி. ஒரு இரவு பட்டால் போதும், இதழ் உள்ளே சுருண்டு மூடிக்கொள்ளும். நாங்கள் “பூ தூங்கிவிட்டது” என்போம். அப்படித் தூங்கினது திரும்ப எழும்பாது. எவ்வளவு தண்ணீர் வைத்தாலும் சரிவராது. கொத்தில் நிரப்புகிற ஜிப்சோ வெள்ளைப் பூவும் அந்த வாயுவுக்குத் தாங்காது, காய்ந்து சுருங்கும். செவ்வந்திப் பூ அவ்வளவாக அசையாது.

எதனால் கெட்டது என்று பூவைப் பார்த்தே சொல்லலாம். தண்டு விறைப்பாக இருந்து இதழ் மட்டும் உள்ளே சுருண்டால், பழத்தின் வேலை. ரோசாவில் தலைக்குக் கீழே கழுத்து வளைந்து தொங்கினால், தண்ணீர் ஏறவில்லை. அடியில் ஒரு அங்குலம் வெட்டி, தலையோடு பேப்பரில் இறுக்கிச் சுற்றி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுத்தளவு இரண்டு மூன்று மணி நேரம் நிறுத்துங்கள். முக்கால்வாசி எழும்பிவிடும். இதழில் கபில நிறப் புள்ளி வந்து, பிறகு சாம்பல் பூத்த மாதிரி வந்தால் அது பூஞ்சணம். மே மாத மழையில் அதுதான் பெரிய தலைவலி. பூ அழகாகத் தெரிய வேண்டும் என்று மேலே தண்ணீர் தெளித்து, உடனே கண்ணாடிப் பேப்பரில் சுற்றிக் கட்டுவார்கள். உள்ளே வேர்த்து, விடியும்போது புள்ளி விழுந்திருக்கும். தலை காய்ந்த பிறகுதான் சுற்ற வேண்டும். மேலே வாய் திறந்திருக்க வேண்டும்.

இந்தத் தடவை கடையின் பின்பக்கம் சீமெந்துத் தரையில் வாளி வையுங்கள். ஹட்டனில் மே மாத இரவுக் குளிரே போதும்.

கார்னேஷன் தண்டை வெட்டும்போது கணுவில் வெட்டாதீர்கள். இரண்டு கணுவுக்கு நடுவில் சாய்வாக வெட்டுங்கள். கணுவில் தண்ணீர் ஏறாது.

---

கோமதி, ஹட்டன்
புதன், மத்தியானம் 2.10

இன்றைக்கே அவருக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்கிறேன். ஒரு வருஷமாக அவரிடம் பூ வாங்கவில்லை.

---

தேவகி, பண்டாரவளை
புதன், மாலை 4.30

மகள், நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. அன்னையர் தினத்துக்குரிய பூ ரோசா இல்லை, வெள்ளைக் கார்னேஷன். 1908இல் அமெரிக்காவில் அன்னா ஜார்விஸ் என்ற பெண் தன் தாயின் நினைவாக ஒரு தேவாலயத்தில் வழிபாடு நடத்தச் செய்து, வந்தவர்களுக்கெல்லாம் வெள்ளைக் கார்னேஷன் அனுப்பி வைத்தார். அது அவருடைய தாய்க்குப் பிடித்த பூ. 1914இல் அங்கே அரசாங்கம் அறிவித்த நாளும் மே இரண்டாம் ஞாயிறுதான். ஆகவே நீங்கள் மூன்று விலையிலும் வெள்ளைக் கார்னேஷனையே வைத்தால் பொருத்தமாக இருக்கும். ரோசா காதலர் தினத்துக்கு.

---

செல்வா ஆட்டோ, கொட்டகலை
புதன், மாலை 5.15

டீச்சர் சொல்வது படித்த விஷயம், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் லயத்தில் வெள்ளைப் பூக்கொத்தோடு போய் இறங்கினால், யாருக்கு என்ன ஆனது என்று முதலில் கேட்பார்கள். போன வருஷம் ஒரு வீட்டுக்கு வெள்ளைச் செவ்வந்தி கலந்த கொத்து கொண்டுபோனேன். அந்தம்மா வாசலில் என்னைக் கண்டதும் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். மகன் வெளிநாட்டில் என்றால் அந்தப் பயம் வராதா?

---

ராஜ்குமார், நானுஓயா
புதன், மாலை 6.00

டீச்சர் சொன்ன வரலாறு சரி. அதோடு இன்னொன்றும் இருக்கிறது. அங்கேயே பிறகு, தாய் உயிரோடு இருப்பவர்கள் நிறப்பூவும், தாய் இறந்தவர்கள் வெள்ளைப்பூவும் அணிகிற வழக்கம் வந்துவிட்டது. ஆக, வெள்ளை அங்கேயும் நினைவுப் பூதான். கல்லறைக்குக் கொண்டுபோகக் கேட்பவர்களும் அன்றைக்கு வருவார்கள், அவர்களுக்கு வெள்ளை வேண்டும். ஓடர் எடுக்கும்போது “வெள்ளை சேர்க்கலாமா” என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போகிறது.

இப்போது விலைக்கு வருவோம். “5 சிவப்பு ரோசா” என்று எழுதாதீர்கள் தங்கச்சி. அந்தக் கிழமை சிவப்பு ரோசா கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். மழை இரண்டு நாள் விடாமல் அடித்தால் திறந்தவெளி ரோசா முழுக்கப் புள்ளி விழுந்துவிடும். எண்ணிக்கையையும் நிறத்தையும் சொல்லுங்கள், பூவின் பெயரைச் சொல்லாதீர்கள். “5 பெரிய பூ, சிவப்பு அல்லது ரோஸ் நிறம், அன்றைய நல்ல பூவில்” என்றால் ரோசா இல்லாவிட்டால் கார்னேஷன் வைக்கலாம். யாரும் ஏமாந்ததாக நினைக்க மாட்டார்கள்.

லில்லியைப் பெரிய கொத்தில் கட்டாயம் ஆக்காதீர்கள். வைத்தால், பூ விரிந்த உடனே நடுவில் இருக்கிற மகரந்தப் பையைக் கிள்ளி எடுத்துவிடுங்கள். அந்தச் செம்மஞ்சள் தூள் சேலையில் பட்டால் கறை போகாது.

உங்கள் சின்னக் கொத்துக்கு எவ்வளவு செலவு என்று எழுதிப் பார்த்தீர்களா?

---

கோமதி, ஹட்டன்
புதன், இரவு 9.45

இப்போதுதான் உட்கார்ந்து எழுதினேன் அண்ணா. போன வருஷம் அந்தக் கிழமை நான் கொடுத்த விலையையே வைத்தேன். பெரிய பூ ஒன்று 110 ரூபா, ஐந்துக்கு 550. நிரப்புகிற செவ்வந்தித் தண்டு இரண்டு, 120. இலை இரண்டு, 40. பூவும் இலையும் மட்டும் 710. உடைந்தது, வாடியது என்று பத்தில் ஒன்று போகும், அதற்கு 71. பேப்பர், ரிபன், வாழ்த்து அட்டை 150. எல்லாம் சேர்த்து 931 ரூபா.

1,200க்கு விற்றால் 269 மிச்சம். டவுனுக்குள் இலவச டெலிவரி என்று எழுதியிருக்கிறேன். ஆட்டோவுக்கு ஒரு வீட்டுக்கு 300 கொடுத்தேன். ஆக ஒவ்வொரு சின்னக் கொத்துக்கும் 31 ரூபா கையிலிருந்து போயிருக்கிறது. போன வருஷம் அதிகம் விற்றதே சின்னதுதான். கை முழுக்க வேலை, கடைசியில் காசு எங்கே போனது என்று அன்றைக்கு விளங்கவில்லை.

---

நிரோஷன், நுவரெலியா
புதன், இரவு 10.10

சின்னதை எடுத்துவிடுங்கள். 2,000க்குக் கீழே பூங்கொத்து வைத்தால் கடைக்காரருக்கு நட்டம்தான். நான் எப்போதோ நிறுத்திவிட்டேன்.

---

கோமதி, ஹட்டன்
புதன், இரவு 10.30

நிரோஷன், நான் அதை எடுக்க மாட்டேன். போன வருஷம் ஏழாம் வகுப்புப் படிக்கிற பையன் ஒருவன் சில்லறையாக எண்ணிக் கொண்டுவந்து சின்னக் கொத்து வாங்கினான். அம்மா கொழுந்து எடுக்கிறவர். அந்த மாதிரிப் பிள்ளைகளுக்காக 1,200 இருக்கத்தான் வேண்டும். டெலிவரியைத்தான் விலையிலிருந்து பிரிக்க வேண்டும்.

---

செல்வா ஆட்டோ, கொட்டகலை
வியாழன், காலை 7.20

அக்கா, டெலிவரியைப் பற்றி நான் சொல்கிறேன். போன வருஷம் உங்களுக்கு ஓடினவர்களில் நானும் ஒருவன்.

ஒரு வீட்டுக்கு ஒரு தடவை என்று ஓடினால் 300க்குக் குறைய முடியாது. டவுனுக்குள் ஆறு வீட்டை ஒரே சுற்றில் கொடுத்தால் 900க்கு ஓடுகிறேன். வீட்டுக்கு 150தான் வரும்.

தோட்டத்துக்கு வேறு கணக்கு. தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதித் தந்தீர்கள். அதில் மேல் டிவிஷன், கீழ் டிவிஷன் இரண்டுக்கும் வேறு வேறு ரோட்டு. மேலே ஏறிப் போய்க் கேட்டால் “அவங்க கீழ” என்பார்கள், திரும்ப மெயின் ரோட்டுக்கு வந்து சுற்ற வேண்டும். அதிலேயே முக்கால் மணி போகும். டிவிஷன், லய நம்பர், பக்கத்தில் இருக்கிற அடையாளம், இந்த மூன்றும் வேண்டும். கோயிலா, பெரட்டுக்களமா, பிள்ளைக்காம்பராவா, ஏதாவது ஒன்று.

ஞாயிறு என்றால் அம்மா வீட்டில் இருப்பார் என்றும் நினைக்காதீர்கள். கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போயிருந்தால் மத்தியானம்தான் வருவார். போன வருஷம் இரண்டு கொத்தைப் பூட்டின கதவில் சாத்திவிட்டு வந்தேன். ஒன்றை ஆடு தின்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒரு தோட்டத்து வீட்டுக்குக் கால் மணியிலிருந்து இருபது நிமிஷம் வையுங்கள். காலை ஏழிலிருந்து ஒன்று வரை ஆறு மணி நேரம். ஒரு ஆட்டோவில் பதினெட்டு வீட்டுக்கு மேல் முடியாது.

இன்னொன்று. வெசாக் போயா வரைக்கும் சிவனொளிபாதமலை சீசன். போயா இன்னும் வராவிட்டால் சனி, ஞாயிறு ஹட்டன் – நோர்வூட் – மஸ்கெலியா ரோட்டில் யாத்திரை வாகனம் நிற்க இடம் இருக்காது. அந்தப் பக்கம் முதலில், விடியவே போக வேண்டும். போயா முடிந்துவிட்டால் பிரச்சினை இல்லை.

---

பிரியா, தோஹா
வியாழன், காலை 9.00

செல்வா அண்ணா, என் அம்மாவும் கைக்காசுக்குப் போவார். ஞாயிறு விட மாட்டார். அப்படியென்றால் மத்தியானத்துக்குப் பிறகு கொடுக்க முடியாதா? யாரிடமும் சொல்லாமல் கொடுத்தால்தான் எனக்குச் சந்தோஷம்.

---

செல்வா ஆட்டோ, கொட்டகலை
வியாழன், காலை 9.25

தங்கச்சி, ஒருத்தரிடமாவது சொல்லத்தான் வேண்டும். அம்மாவின் நம்பர் வேண்டாம். தம்பி, தங்கச்சி, பக்கத்து வீட்டு அக்கா, யாராவது ஒருவருடைய நம்பர் தாருங்கள். நான் தோட்டத்து வளைவுக்கு வந்ததும் அவருக்குப் போன் எடுப்பேன். உள்ளே போனால் சிக்னல் இருக்காது, அதனால்தான் வளைவிலேயே எடுப்பது. அவர் வந்து வாங்கி வைத்துக்கொண்டு, அம்மா மலையிலிருந்து இறங்கினதும் கையில் கொடுக்கட்டும்.

---

ராஜ்குமார், நானுஓயா
வியாழன், மத்தியானம் 12.40

செல்வா சொன்னதில் கடைசி நேரத்துக்கு இரண்டாவது பதில் இருக்கிறது. புதன் மாலை என்பது பூவுக்கான கெடு. ஆனால் கைக்கும் ஆட்டோவுக்கும் ஒரு எல்லை இருக்கிறது. அது எண்ணிக்கை. புதனுக்கு முன்பே அந்த எண்ணிக்கை நிறைந்தால் அப்போதே மூட வேண்டும்.

தங்கச்சி, ஒரு கொத்துக் கட்ட எவ்வளவு நேரம்? உள்ளபடி சொல்லுங்கள்.

---

கோமதி, ஹட்டன்
வியாழன், மாலை 6.30

மத்தியானம் கடையில் இருந்த பூவை வைத்துக் கட்டிப் பார்த்தேன். தங்கச்சி இலை கிள்ளி, பேப்பர் வெட்டித் தந்தாள். கட்டுவது நான் மட்டும்தான். சின்னதுக்கு 8 நிமிஷம். நடுத்தரத்துக்கு 12. பெரியதுக்கு 20, அதை ஒரு தடவை அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன்.

போன வருஷம் வந்த அளவை வைத்து 40 ஓடர் என்று நினைத்தேன். சின்னது 20க்கு 160 நிமிஷம், நடுத்தரம் 14க்கு 168, பெரியது 6க்கு 120. கூட்டினால் 448 நிமிஷம். ஏழரை மணிக்கு இரண்டு நிமிஷம்தான் குறைவு. சாப்பாடு, தேத்தண்ணீர், கடைக்கு வருகிற ஆள் எல்லாம் சேர்த்தால் சனிக்கிழமை காலையிலிருந்து இரவு வரைக்கும் சரியாக இருக்கும். 40க்கு மேலே ஒன்றுகூட எடுக்க முடியாது.

பெரிய பூ மட்டும் 100, 126, 90 என்று 316 தண்டு.

---

ராஜ்குமார், நானுஓயா
வியாழன், இரவு 8.05

நல்ல கணக்கு. 316க்குப் பத்தில் ஒன்று கூட்டினால் 350க்குக் கிட்ட வரும். நான் அனுப்புகிற கட்டு 20 தண்டு. ஆகவே 18 கட்டு கேளுங்கள், 360 வரும். கார்னேஷன் பத்துக் கட்டு, ரோசா எட்டுக் கட்டு என்று பிரிக்கலாம். ரோசா குறைந்தால் கார்னேஷனால் நிரப்பலாம்.

தோட்டக்காரரிடம் இன்னொரு சொல் சொல்ல வேண்டும். “ஞாயிறுக்கு” என்று சொல்லுங்கள். அவருக்கு அது போதும். கொழும்புக்கு அனுப்புகிற கார்னேஷனை மொட்டாக வெட்டுவோம். உங்களுக்குப் பாதி விரிந்தது வேண்டும். ரோசாவில் வெளி இதழ் ஒன்றிரண்டு விலகத் தொடங்கியிருக்க வேண்டும். இறுகின மொட்டாக வெட்டினால் விரியாமலேயே கழுத்துத் தொங்கும்.

---

சதீஷ், கொழும்பு
வியாழன், இரவு 8.40

ராஜ்குமார் அண்ணா, சீனி விஷயம் இப்போதுதான் விளங்கியது. வீட்டில் தண்ணீர் கலங்கி நாறுவது அதனால்தானா? நன்றி.

ஆனால் அக்கா, என்னை மாதிரி வெள்ளிக்கிழமைதான் ஞாபகம் வருகிறவர்கள் என்ன செய்வது? முழுசாக மூடிவிடுவீர்களா?

---

கோமதி, ஹட்டன்
வியாழன், இரவு 9.50

அதையும் யோசித்தேன் தம்பி. 360இல் உடையாமல் மிஞ்சுகிற தண்டு கொஞ்சம் இருக்கலாம். அதைச் சின்னக் கொத்தாகக் கட்டி, கடைக்கு வந்து எடுக்கிறவர்களுக்கு மட்டும் ஞாயிறு காலை கொடுக்கலாம். அதற்கு ஓடர் இல்லை, வருகிறவருக்கு வருகிற வரிசையில்.

திருத்தி எழுதினதைப் பாருங்கள்:

> அன்னையர் தினப் பூங்கொத்துகள் – மே இரண்டாம் ஞாயிறு
> சின்னது: 5 பெரிய பூ – 1,200 ரூபா
> நடுத்தரம்: 9 பெரிய பூ – 2,200 ரூபா
> பெரியது: 15 பெரிய பூ – 3,800 ரூபா
> சிவப்பு, ரோஸ், மஞ்சள் நிறங்களில், அன்றைய நல்ல பூவில் கட்டித் தருவோம். வெள்ளை வேண்டுமா, வேண்டாமா என்று சொல்லுங்கள்.
> கடையில் வந்து எடுத்தால் இந்த விலை. ஹட்டன் டவுனுக்குள் கொண்டுவந்து தர 150 ரூபா. டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, தலவாக்கலை தோட்டங்களுக்கு: [தொகை]
> தோட்டமானால் டிவிஷன், லய நம்பர், பக்கத்து அடையாளம், வீட்டில் இன்னொருவருடைய போன் நம்பர் கட்டாயம்.
> ஓடர் கொடுக்கக் கடைசி நேரம்: புதன் மாலை 6 மணி. 40 கொத்து நிறைந்தால் அதற்கு முன்பே நிறுத்திவிடுவோம். வீட்டுக்குக் கொண்டுவந்து தருவது முதல் 18 பேருக்கு மட்டும்.
> முழுக் காசும் கட்டிய பிறகே ஓடர் உறுதி.

கடைசி வரியில்தான் இன்னும் மனம் ஒப்பவில்லை. அந்தப் பையன் மாதிரிப் பிள்ளைகள் முன்கூட்டியே எப்படிக் கட்டுவார்கள்?

---

நிரோஷன், நுவரெலியா
வியாழன், இரவு 10.15

முழுக் காசும் வாங்காமல் எடுக்காதீர்கள். கட்டி வைத்த கொத்தைத் திங்கட்கிழமை யார் வாங்குவார்கள்?

---

தேவகி, பண்டாரவளை
வெள்ளி, காலை 7.00

மகள், கடைக்கு வந்து எடுக்கிற சின்னக் கொத்துக்குப் பாதி வாங்குங்கள். தெரிந்த முகம் என்றால் பெயரை எழுதி வையுங்கள், போதும். நாற்பது வருஷம் பிள்ளைகளோடு இருந்தவள் சொல்கிறேன், அம்மாவுக்கென்று கேட்ட பிள்ளை வராமல் போகாது.

நீங்கள் வெள்ளையைப் பற்றிக் கேள்வியாக எழுதியது நன்று. எனக்கு ஒரு வெள்ளைக் கார்னேஷன் கொத்து வேண்டும், என் அம்மாவின் கல்லறைக்கு. பண்டாரவளைக்கு அனுப்ப முடியாது என்று தெரியும். ஹட்டனில் என் தங்கை மகன் இருக்கிறான், கடைக்கு வந்து எடுப்பான்.

---

நிரோஷன், நுவரெலியா
வெள்ளி, காலை 7.30

டீச்சர், நான் மூன்று தடவை அப்படி நம்பி ஏமாந்திருக்கிறேன். என் கருத்தை மாற்ற மாட்டேன்.

---

செல்வா ஆட்டோ, கொட்டகலை
வெள்ளி, காலை 8.10

அக்கா, தோட்டத் தொகை: டிக்கோயா, கொட்டகலை 300. நோர்வூட், தலவாக்கலை 450. மஸ்கெலியா 600. ஒரு பக்கத்துக்கு நான்கு வீடாவது சேர்ந்தால்தான் இந்தக் கணக்கு. மழையில் மண் ரோட்டில் ஏற முடியாவிட்டால் மெயின் ரோட்டுக்கு வந்து வாங்கச் சொல்வேன், அதையும் எழுதிவிடுங்கள்.

பொகவந்தலாவைக்கு இப்போதைக்குப் பிரியா தங்கச்சி மட்டும்தான். ஒரு கொத்துக்கு நோர்வூட்டிலிருந்து திரும்பிப் போய் வந்தால் மற்றவர்களுக்குப் பிந்தும். அந்தப் பக்கம் இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் போகலாம்.

---

பிரியா, தோஹா
வெள்ளி, காலை 9.15

என்னோடு வேலை செய்கிற ஒரு அக்காவுக்கும் அம்மா அந்தப் பக்கம்தான், நோர்வூட்டுக்கும் பொகவந்தலாவைக்கும் இடையில். இன்றைக்கு இரவு கேட்கிறேன். தம்பியின் நம்பரைக் கோமதி அக்காவுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். லயம் கோயிலுக்கு மேலே இரண்டாவது. வெள்ளை வேண்டாம். அம்மாவுக்கு மஞ்சள் பிடிக்கும்.

---

கோமதி, ஹட்டன்
வெள்ளி, காலை 9.40

மஞ்சள், நடுத்தரம், தம்பியின் நம்பர், எல்லாம் எழுதிவிட்டேன் பிரியா. பொகவந்தலாவை என்ற இடத்தை மட்டும் வெற்றிடமாக விட்டிருக்கிறேன். செவ்வாய் இரவுக்குள் மூன்று பேர் சேர்ந்தால் நிரப்புகிறேன். சேராவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடுவேன். உங்கள் தம்பி ஞாயிறு காலை பஸ்ஸில் ஹட்டனுக்கு வந்து எடுக்க முடியுமா என்று அவனிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.